“நம்ம பணத்தை நாமே எடுக்கிறோம்” என்ற பொய்

இது நீளமான பதிவு. பீரோவில் எல்.ஐ.சி. பாண்டு வைத்திருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். அதன்மேல் கடன் வாங்கியிருப்பவர்கள் வீட்டுக்காரரையும் வீட்டுக்காரியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

காரைக்குடி, சிவகங்கை, தேவகோட்டைப் பக்கம் பாலிசிக் கடன் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். “சார், அது கடனே இல்லை. நம்ம பணத்தை நாமே எடுக்கிறோம். இன்சூரன்ஸ் அப்படியே இருக்கும். அசலைத் திருப்பிக் கட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.” ஏஜென்ட் சொல்கிறார். பென்ஷன் வாங்கப் போகும் இடத்தில் நண்பர் சொல்கிறார். கல்யாணச் செலவுக்குப் பணம் தேடும் வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா சொல்கிறார்.

இந்த வசனத்தில் மூன்று வாக்கியங்கள். முதலாவது பொய். இரண்டாவது பாதி பொய். மூன்றாவது உண்மை, ஆபத்தே அந்த உண்மையில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் “நம்ம பணம்” என்ற பேச்சு. சரண்டர் மதிப்பு என்பது பாங்கில் நம் பெயரில் கிடக்கும் சேமிப்பு அல்ல. கம்பெனி நமக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது: இத்தனை ஆண்டு பிரிமியம் கட்டு, நடுவில் நீ இறந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு, இருந்தால் முதிர்வில் உனக்கு இவ்வளவு என்று. “எனக்கு அந்த வாக்கு வேண்டாம், இன்றே முடித்துக்கொள்கிறேன்” என்று நாம் சொன்னால், வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர்கள் கொடுக்கும் விலைதான் சரண்டர் மதிப்பு. வாக்கைத் திருப்பிக் கொடுக்காதவரை அந்த விலை நம் கைக்கு வந்த பணம் ஆகாது.

அந்த விலையை எல்லை வைத்துக்கொண்டு கம்பெனி கடன் கொடுக்கிறது. எல்.ஐ.சி.யில் பிரிமியம் ஒழுங்காகக் கட்டப்படும் பாலிசிக்குப் பொதுவாகச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கும். பிரிமியம் நின்று, பெய்ட்-அப் ஆகிவிட்ட பாலிசிக்கு அதைவிடக் குறைவு. பணம் வருவது எல்லாப் பாலிசிதாரர்களின் பணமும் சேர்ந்த ஆயுள் நிதியிலிருந்து. அதனால்தான் வட்டி கேட்கிறார்கள். அதனால்தான் பாலிசியை அவர்கள் பெயருக்கு அசைன்மென்ட் எழுதி வாங்குகிறார்கள். நம்முடைய பணத்தை நாம் எடுப்பதற்கு எதற்கு வட்டி? எதற்கு எழுத்து? இந்தக் கேள்வியை எட்டாம் வகுப்புப் பையன் கேட்டுவிடுவான். நாற்பது வயதுக்காரர் கேட்பதில்லை.

சரண்டர் மதிப்பு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1844-இல் அமெரிக்காவிலிருந்து எலைசர் ரைட் என்பவர் லண்டன் போனார். அதற்கு முன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். அங்கே ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்தில், பிரிமியம் கட்ட முடியாமல் போன முதியவர்களின் ஆயுள் பாலிசிகள் ஏலம் போவதைப் பார்த்தார். கம்பெனி திரும்ப வாங்காது. எனவே அந்தக் கிழவர் எவ்வளவு சீக்கிரம் சாவார் என்று கணக்குப் போட்டு வெளியாள் வாங்குவான். அந்தக் காட்சி ரைட்டின் மனத்தை உறுத்தியது. பிறகு அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இன்சூரன்ஸ் கமிஷனர் ஆனார். கட்டிய பிரிமியத்தைக் கம்பெனி அப்படியே விழுங்கக்கூடாது என்று 1861-இல் அங்கே வந்த சட்டம் அவருடைய உழைப்பால் வந்தது. நம் நாட்டில் 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அதே காரியத்தைச் செய்தது. 2024 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ள புதிய விதிகளில், முதலாண்டுப் பிரிமியத்தை முழுதாகக் கட்டி அந்த ஆண்டு முடிந்தாலே சிறப்புச் சரண்டர் மதிப்பு உண்டு.

ஆக, கட்ட முடியாமல் போனவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக வந்தது இந்த மதிப்பு. நாம் அதைப் பணம் தட்டுப்படும்போதெல்லாம் வாளி விடும் கிணறாக ஆக்கிவிட்டோம்.

இரண்டாவது வாக்கியம்: “இன்சூரன்ஸ் அப்படியே இருக்கும்.” பாண்டில் அச்சடித்த காப்புத் தொகை மாறாது, வாஸ்தவம். குடும்பத்தின் கைக்கு வருவது மாறும். இறப்புக் கோரிக்கை வந்தால் கம்பெனி முதலில் தன் கடனையும் அதுவரை ஏறிய வட்டியையும் கழித்துக்கொள்ளும். மிச்சம்தான் நாமினிக்கு. இதைச் சொல்வதற்குப் பதில் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டவை; உங்கள் பாலிசியின் எண்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

ஓர் ஆசிரியை. 20 ஆண்டு எண்டோமெண்ட் பாலிசி, காப்புத் தொகை 5 லட்சம். ஆண்டுப் பிரிமியம் 26,000 ரூபாய். ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 20,000 போனஸ் சேர்கிறது என்று வையுங்கள். 12 ஆண்டு கட்டிவிட்டார். இன்று அவர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்புத் தொகை 5 லட்சமும் 12 ஆண்டு போனஸ் 2,40,000-மும் சேர்த்து 7,40,000 கிடைக்கும். இன்றைய சரண்டர் மதிப்பு 3 லட்சம் என்று வைப்போம். மகள் கல்யாணத்துக்காக 90 சதவீதம், அதாவது 2,70,000 கடன் வாங்குகிறார். வட்டி ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி.

பணம் கைக்கு வந்த அன்றே குடும்பத்துக்கு வரக்கூடியது 7,40,000-இலிருந்து 4,70,000 ஆகிவிட்டது. பாண்டில் எழுதிய 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இதுவரை நியாயம்தான், 2,70,000 கையில் வாங்கியிருக்கிறாரே. கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடப்பதை.

பிரிமியத்தைத் தவறாமல் கட்டுகிறார். கடன் வட்டியை மட்டும் கட்டவில்லை. யாரும் வீட்டு வாசலில் வந்து கேட்கவும் இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு வட்டி 12,825 ரூபாய். அது அசலோடு சேர்ந்துகொள்கிறது. அடுத்த ஆறு மாதத்துக்கு வட்டி 13,434. ஓராண்டு முடிவில் கடன் 2,96,259. அந்த ஆண்டு பாலிசியில் சேர்ந்த போனஸ் 20,000. கடனில் சேர்ந்த வட்டி 26,259. ஒரு முழு ஆண்டுப் பிரிமியம் கட்டிய பிறகும், இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது 4,70,000-இலிருந்து 4,63,741 ஆகக் குறைந்திருக்கிறது. பிரிமியம் கட்டக் கட்டக் காப்பு தேய்கிறது! இதைத்தான் “அப்படியே இருக்கும்” என்கிறார்கள்.

காரணம் எளிது. எல்.ஐ.சி.யின் வழக்கமான போனஸ் தனிவட்டி மாதிரி. ஒவ்வோர் ஆண்டும் காப்புத் தொகையின் மேல்தான் கணக்கு. பழைய போனஸ்மேல் புதிய போனஸ் ஏறாது. கடனோ கூட்டு வட்டி. ஒன்று படி ஏறுகிறது, ஒரே உயரப் படி. மற்றது மலை ஏறுகிறது, போகப்போகச் செங்குத்து. நம் கணக்கில் எட்டாவது ஆண்டு போனஸ் அதே 20,000தான். அந்த ஆண்டில் மட்டும் கடனில் ஏறும் வட்டி 50,285. தனிவட்டியும் கூட்டு வட்டியும் ஒரே கணக்கில் எதிரெதிராக ஓடினால் எது ஜெயிக்கும் என்று கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்போம்!

நான்கு ஆண்டு கழித்து அவர் இறந்தால்? காப்புத் தொகை, 16 ஆண்டு போனஸ் சேர்த்து 8,20,000. கடன் வளர்ந்து 3,91,378. குடும்பத்துக்கு 4,28,622. எட்டு ஆண்டும் கடந்து முதிர்வுக்கு வந்தால்? 9 லட்சத்தில் 5,67,320 கடனுக்குப் போய், கைக்கு வருவது 3,32,680. வாங்கியது 2,70,000. கழித்தது 5,67,320.

அதே ஆசிரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த 12,825-ஐ மட்டும் கட்டிவந்திருந்தால் கடன் 2,70,000-இலேயே நின்றிருக்கும். மாதத்துக்கு 2,140 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். நான்காம் ஆண்டில் இறந்தால் குடும்பத்துக்கு 5,50,000. முதிர்வில் 6,30,000. எட்டு ஆண்டில் வட்டியாகக் கட்டியது மொத்தம் 2,05,200. முதிர்வில் கூடுதலாக வந்தது 2,97,320. கடன் வாங்குவது ஒரு காரியம், வட்டியை விட்டுவிடுவது வேறு காரியம். நாசம் செய்வது இரண்டாவது.

நம் ஊருக்கு இது புதிய பாடமா? நடப்பு வட்டி, தவணை வட்டி என்று பெயர் வைத்துப் பர்மாவிலும் மலாயாவிலும் கணக்கு எழுதியவர்களின் ஊர் இது. ஐந்தொகை போட்டு வரவு செலவு ஒத்துப் பார்த்த வீடுகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் திறந்தபோது சென்னையிலும் ரங்கூனிலும் திறந்த அதே சமயத்தில் காரைக்குடியிலும் திறந்தார்கள். வட்டிக்கு வட்டி என்றால் என்னவென்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் “அது கடனே இல்லை” என்ற பேச்சு எப்படி விலை போகிறது?

எனக்குத் தெரிந்த பதில்: இந்தக் கடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. நகையை அடகு வைத்தால் கழுத்து வெறுமையாக இருக்கும். விசேஷ வீட்டுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்கள். தவணை தாண்டினால் ஏல நோட்டீஸ் வரும். அந்த வெட்கமே நம்மை வட்டி கட்ட வைக்கும். பாண்டு பீரோவில் இல்லை என்பதை யாரும் பார்ப்பதில்லை. மாதத் தவணை இல்லை, பாங்கிலிருந்து போன் இல்லை, ஜாமீன்தாரர் சண்டை இல்லை. “அசலைக் கேட்க மாட்டார்கள்” என்ற மூன்றாவது வாக்கியம் உண்மை என்று சொன்னேன் அல்லவா? ஏன் கேட்கவில்லை? அவர்களிடம் உங்கள் சாவும் முதிர்வும் ஜாமீனாக இருக்கின்றன. இரண்டில் ஒன்று நிச்சயம் வரும். எதற்குக் கேட்க வேண்டும்?

இப்போது மோசமான கட்டத்துக்கு வருகிறேன். இதை ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் பாலிசி எடுத்தவர்கள். பிரிமியம் சம்பளத்திலேயே பிடித்துப் போய்விடும். நாம் கட்டுகிறோம் என்ற நினைப்பே இருக்காது. ஓய்வு பெற்ற மாதத்தோடு அந்தப் பிடித்தம் நின்றுவிடும். பென்ஷனில் தானாகத் தொடராது. நாமாகக் கிளைக்குப் போய், நேரடியாகக் கட்டும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பலர் மாற்றுவதில்லை. நீண்ட சம்பளமில்லா விடுப்பில் போனாலும் இதே கதைதான்.

கடன் இல்லாத பாலிசியில் பிரிமியம் நின்றால் பெரிய நாசமில்லை. அது பெய்ட்-அப் ஆகிக் குறைந்த தொகையோடு முதிர்வுவரை உயிரோடிருக்கும். கடன் இருக்கும் பாலிசியில் பிரிமியமும் நின்றால் கதை வேறு. நம் ஆசிரியை கணக்கையே எடுங்கள். 12 ஆண்டோடு பிரிமியம் நின்றது. 20-இல் 12 பங்கு என்ற கணக்கில் காப்புத் தொகை 5 லட்சம் 3 லட்சமாகச் சுருங்கும். சேர்ந்த போனஸ் 2,40,000 நிற்கும். மொத்தம் 5,40,000. இனிப் புதிய போனஸ் இல்லை. கடனோ முன்போலவே ஏறுகிறது. ஐந்தாண்டில் அது 4,29,442. அப்போது அவர் இறந்தால் குடும்பத்துக்கு 1,10,558.

அதோடு முடியவில்லை. பிரிமியம் நின்ற பாலிசியில், வட்டியோடு சேர்ந்த கடன் சரண்டர் மதிப்பைத் தாண்டினால் கம்பெனி பாலிசியையே முடித்துக் கடனுக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் இதை ஃபோர்க்ளோஷர் என்பார்கள். முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பி, கட்ட வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். ஆனால் அந்த நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போகும்? பாலிசி எடுத்தபோது கொடுத்த முகவரிக்கு. இருபது ஆண்டுக்கு முன் குடியிருந்த வாடகை வீடு!

நம் கணக்கில் இது எப்போது நடக்கும்? 3 லட்சம் சரண்டர் மதிப்பு எட்டு ஆண்டில் 5,40,000-ஐ நோக்கி வளர வேண்டும். ஆண்டுக்குச் சுமார் ஏழரை சதவீதம். கடன் கூட்டு வட்டியில் ஒன்பதே முக்கால் சதவீதம் அளவில் வளர்கிறது. பத்தில் ஒன்பது பங்கு கடனாகத் தொடங்கியதால் இடைவெளி முதலிலேயே குறைவு. ஆறாவது ஆண்டுக்குள் கடன் முந்திவிடும். அதற்குப் பிறகு பாலிசி இல்லை, காப்பு இல்லை, முதிர்வும் இல்லை. பன்னிரண்டு ஆண்டு கட்டிய 3,12,000 ரூபாய்க்கு மிஞ்சுவது என்றோ செலவழிந்துபோன ஒரு கடன்.

பிரிமியம் நடப்பில் இருக்கும் பாலிசிக்கு இந்த ஆபத்து இல்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, நடப்பில் உள்ள பாலிசியையும் பிரிமியம் முழுதும் கட்டி முடித்த பாலிசியையும் கடன் அதிகமானதற்காக மூடக்கூடாது. ஆகவே கடன் வாங்கியவர் எதை விட்டாலும் பிரிமியத்தை விடக்கூடாது. விட்டுப்போயிருந்தால், முதல் தவறிய பிரிமியத்திலிருந்து ஐந்தாண்டுக்குள் புதுப்பிக்க வழி உண்டு. உடல்நலச் சான்று கேட்கலாம். வயது ஏற ஏற அது கடினம். இன்றே போய்க் கேளுங்கள்.

இனி, எனக்குக் கோபம் வரும் இடம். கடன் தாளில் கையெழுத்துப் போடுவது ஒருவர். இழப்பது இன்னொருவர். இன்சூரன்ஸ் சட்டம் 39-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பாலிசியை வேறு ஒருவருக்கு முற்றாக அசைன் செய்தால் நாமினேஷன் ரத்து. கம்பெனியிடமே கடனுக்காக அசைன் செய்தால் நாமினேஷன் ரத்தாகாது. ஆனால் கம்பெனிக்கு வரவேண்டிய அளவுக்கு நாமினியின் உரிமை குறையும். குறைப்பதற்கு நாமினியின் சம்மதம் தேவையில்லை. அவருக்குத் தகவல்கூடத் தேவையில்லை. பாண்டில் மனைவி பெயர் அப்படியே இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த தொகை போயிருக்கும்.

சக ஆசிரியர்கள் இறந்தபோது அவர்கள் வீட்டுக்குக் கோரிக்கைப் படிவம் நிரப்பித்தரப் போவது என் வழக்கம். காரியமெல்லாம் முடிந்து பாண்டைத் தேடுவார்கள், கிடைக்காது. கிளைக்குப் போனால் அங்கே இருக்கிறது என்பார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா என்னைக் கேட்டார்: “சார், ஏழு லட்சம் வரும்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தாரே, மிச்சத்தை யாருங்க எடுத்தது?” யாரும் எடுக்கவில்லை, வட்டி எடுத்துக்கொண்டது என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? இறந்த மனிதர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஏழு லட்சம் இருக்கிறது என்று அவரும் நம்பித்தான் இறந்தார்.

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணிக்கு வந்த தம்பி தங்கைகள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வராதவர்கள். எங்கள் காலத்துக் குடும்ப ஓய்வூதியத்தை நினைத்துக்கொண்டு நீங்கள் பாண்டில் கை வைக்கக்கூடாது. உங்கள் குடும்பத்துக்கு இந்தப் பாண்டின் எடை அதிகம்.

இன்னொரு வழக்கம் நடக்கிறது. அதை நான் முழுதாக எதிர்க்கிறேன். பழைய பாலிசியில் கடன் எடுத்துப் புதிய பாலிசிக்கு முதல் பிரிமியம் கட்டுவது. “பழைய பணம் சும்மா தூங்குது, அதை எழுப்பிப் புதுசு போடுங்க” என்பார்கள். தூங்கும் பணத்துக்கு யாராவது ஒன்பதரை சதவீதம் வட்டி கட்டுவார்களா? முதலாண்டுப் பிரிமியத்தில் ஏஜென்டுக்குக் கிடைக்கும் கமிஷன் பிந்தைய ஆண்டுகளைவிடப் பல மடங்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நேர்மையான ஏஜென்ட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

“அப்படியானால் பாலிசிக் கடனே கூடாதா சார்?” என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. கந்து வட்டிக்கும் மைக்ரோ பைனான்ஸுக்கும் இது எவ்வளவோ மேல். சரண்டர் செய்வதைவிடவும் மேல். சரண்டர் செய்தால் காப்பு முழுதும் அன்றே போய்விடும், கடனில் ஒரு பகுதியாவது நிற்கும். கையில் கிடைத்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டலாம். பணம் வரும் தேதி தெரிந்திருக்கும்போது இது நல்ல கருவி. பணிக்கொடை உத்தரவு வந்துவிட்டது, தொகை வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு முன் அடைத்தாலும் பொதுவாக ஆறு மாத வட்டி பிடிப்பார்கள், அதை மட்டும் கணக்கில் வையுங்கள். எப்போது அடைப்போம் என்று தெரியாமல், “முதிர்வில் கழித்துக்கொள்ளட்டும்” என்று வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அப்படி வாங்குவது கடன் அல்ல, வட்டி கட்டிக்கொண்டே செய்யும் சரண்டர்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. கடன் கொடுக்கும்போது தரும் தாளில் மூன்று வரி தமிழில் அச்சிடுங்கள். இன்று பாலிசிதாரர் இறந்தால் குடும்பத்துக்கு நிகரமாக எவ்வளவு. வட்டி கட்டாமல் விட்டால் ஐந்தாண்டு கழித்து எவ்வளவு. முதிர்வில் எவ்வளவு. கணினிக்கு ஒரு நிமிட வேலை. ஆண்டுதோறும் அதே மூன்று வரியைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். நாமினிக்குச் சொல்ல வேண்டுமா என்றால், அது பாலிசிதாரரின் சொந்த விஷயம் என்பார்கள். சரி, சட்டம் அப்படித்தான். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. “நாமினிக்கும் தகவல் அனுப்பலாமா? ஆம் / இல்லை” என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் போடுங்கள். “இல்லை” என்று டிக் அடிக்கும்போதாவது கை ஒரு விநாடி நிற்கும்.

அச்சிடும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். கடன் இருப்பவர்கள் பாலிசி எண்ணோடு கிளைக்குப் போய் நான்கு கேள்வி கேளுங்கள். இன்றைய தேதியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கடன் எவ்வளவு? சரண்டர் மதிப்பு எவ்வளவு? வட்டி வீதம் என்ன, அடுத்த வட்டித் தேதி எது? பிரிமியம் எந்த மாதம்வரை சேர்ந்திருக்கிறது, நடுவில் விடுபட்ட மாதம் உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகவரியும் கைபேசி எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிரிமியம் நின்றிருந்து, கடன் சரண்டர் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் தொட்டிருந்தால் அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள்.

இப்போதுதான் பாலிசி எடுக்கப்போகும் இளைஞர்களுக்கு ஒன்று. மனைவி, பிள்ளைகள் பெயரில் 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்கீழ் பாலிசி எடுக்கலாம். விண்ணப்பிக்கும்போதே அதற்கான படிவம் கொடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. அப்படி எடுத்த பாலிசி அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்து. உங்கள் சொந்தத் தேவைக்கு அதை அடகு வைக்க முடியாது, உங்கள் கடன்காரரும் தொட முடியாது. அவசரத்துக்கு உதவாதே என்பார்கள். அதுதான் அதன் சிறப்பு. வெறும் காப்புக்கு மட்டுமான டெர்ம் பாலிசியிலும் சரண்டர் மதிப்பு இல்லாததால் கடன் கிடையாது. அதையும் குறையாகச் சொல்வார்கள். எந்தப் பானையில் கை விட முடியாதோ அதில்தான் அரிசி மிஞ்சும்.

கடன் வாங்கியிருப்பவர்கள் இன்று இரவு வீட்டில் ஒரு தாளில் எழுதுங்கள்: பாலிசி எண், கடன் வாங்கிய தேதி, தொகை, பாண்டு இருக்கும் கிளை. அதை நாமினியின் கையில் கொடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால், நீங்கள் இல்லாதபோது அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதைச் சொல்வார்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். பாலிசி எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். காப்புத் தொகை, கட்டிய ஆண்டு, கடன், வட்டி வீதம் சொன்னால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.